உடும்பின் கால் நழுவாமல் இருக்க

கையில் பிடித்த செல்போனில் எடுத்த ஐந்து விநாடிக் காட்சி. டைல்ஸ் போட்ட முற்றம், ஓரத்தில் ஒரு பைக், பின்னால் மதில் சுவர். அந்த முற்றத்தில் கணினியில் உருவாக்கிய ஆளுயர உடும்பு ஒன்றை நிறுத்த வேண்டும். செதிலும் நாக்கும் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், படம் ஓடும்போது முன்னங்கால் தரையில் இரண்டு விரற்கடை நழுவினால் போதும்; அது பொய் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

உண்மையில் உடும்பை யாரும் தரையில் ஒட்டுவதில்லை. அது கணினிக்குள் அசையாமல் நிற்கிறது. கணினிக்குள் இருக்கும் கேமராதான் உங்கள் கை ஆடியபடியே ஆடுகிறது. ஒவ்வொரு பிரேமிலும் செல்போன் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தது என்று படத்தை வைத்தே கணக்கிட்டு எடுப்பதற்குத்தான் கேமரா டிராக்கிங் என்று பெயர். 2011 இறுதியில் வந்த 2.61 பதிப்பிலிருந்து பிளெண்டர் என்ற இலவச மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கிறது.

கணக்குக்கு மூலதனம், படத்தில் நாம் குறிக்கும் புள்ளிகள். டைல்ஸின் மூலை, சுவரில் பெயர்ந்த காரை, தரையில் கிடக்கும் கல் என்று மாறுபாடு தெளிவாகத் தெரியும் இடங்களைத் தேர்ந்தெடுத்தால், மென்பொருள் அவற்றைப் பிரேம் பிரேமாகத் தொடர்ந்து போகும். குறைந்தது எட்டுப் புள்ளிகள் வேண்டும். இருபது முப்பது இருந்தால் நிம்மதி. ரயிலில் போகும்போது பக்கத்து மரம் விரைந்தோட, தூரத்து மலை மெல்ல நகர்கிறதல்லவா? அந்த வேறுபாட்டிலிருந்துதான் மென்பொருளும் ஆழத்தை அறிகிறது. ஆகவே கிட்டத்திலும் தூரத்திலும் புள்ளிகள் இருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே போனை மட்டும் திருப்பி எடுத்திருந்தால் இந்த வேறுபாடே கிடைக்காது. எடுக்கும்போது பக்கவாட்டில் இரண்டடி நகர்வது பின்னால் பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

ஏமாற்றும் புள்ளிகளும் உண்டு. பைக் கண்ணாடியில் மின்னும் ஒளி, கேமரா நகர நகர இடம் மாறும். முன்னால் தொங்கும் கிளை பின்னால் உள்ள சுவர் விளிம்பைக் குறுக்கிடும் இடம் அருமையான மூலை போலத் தெரியும். ஆனால் அப்படி ஒரு பொருளே அங்கே இல்லை. காற்றில் ஆடும் இலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம் முற்றத்துக்கு வருவோம். Solve Camera Motion அழுத்தியதும் சராசரிப் பிழை 1.8 பிக்சல் என்று வருகிறது என்று வையுங்கள். கணக்கிட்ட கேமரா வழியே பார்த்தால் புள்ளிகள் தங்கள் இடத்திலிருந்து சராசரியாக அவ்வளவு தள்ளி விழுகின்றன என்று பொருள். பட்டியலில் பைக் கண்ணாடிப் புள்ளியின் பிழை மட்டும் 6 என்று நிற்கும். அதை நீக்கி, லென்ஸின் குவியத் தூரத்தையும் மென்பொருளே திருத்திக்கொள்ளவிட்டால் 0.4க்கு இறங்கும். அரை பிக்சலுக்குக் கீழே என்றால் நல்லது என்பார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எல்லாப் புள்ளியும் சுவரிலேயே இருந்தால்கூட எண் அழகாக வரும். தரை மட்டும் தவறாக இருக்கும்.

அதனால் உடும்பு நிற்கப்போகும் இடத்தைச் சுற்றியே நாலைந்து தரைப் புள்ளிகள் வேண்டும். அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து Set Floor கொடுத்தால் அதுவே தரைமட்டம் ஆகும். மூன்றும் நன்றாக விலகியிருக்கட்டும். நெருங்கியிருந்தால் சிறு பிழையும் தரையைச் சாய்த்துவிடும். ஒரு டைல் 60 செ.மீ. என்றால், அதன் இரு மூலைகளைத் தேர்ந்து 0.6 என்று Set Scaleஇல் கொடுத்தால் அளவும் சரியாகிவிடும்.

உடும்பை உடனே கொண்டுவராதீர்கள். அது நிற்க வேண்டிய இடத்தில் முதலில் ஒரு சாதாரணக் கனசதுரத்தை வைத்து, அதன் அடி மூலையை ஒரு டைல் கோட்டோடு பொருத்திப் படத்தை ஓட்டிப் பாருங்கள். மூலை மெல்ல ஒரே பக்கமாக ஊர்ந்தால் தரைமட்டமோ லென்ஸ் கணக்கோ தவறு. படபடவென்று துடித்தால் ஏதோ ஒரு புள்ளி கெட்டிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பிரேமில் மட்டும் சட்டென்று குதித்தால், அங்கே ஒரு முக்கியமான புள்ளி திரையை விட்டு வெளியேறியிருக்கும். அந்தப் புள்ளியின் Weight மதிப்பை வெளியேறுவதற்குப் பத்துப் பிரேம் முன்பிருந்தே 1லிருந்து 0க்குப் படிப்படியாகக் குறைத்துவிட்டு மறுபடி கணக்கிட்டால் குதிப்பு அடங்கும்.

சில கோளாறுகளை இந்த மேசையில் சரிசெய்வது கடினம். செல்போனின் ஸ்டெபிலைசேஷன் ஒவ்வொரு பிரேமையும் வெவ்வேறு விதமாக வெட்டி நகர்த்துகிறது. லென்ஸின் மையம் மாறாது என்று நம்பும் கணக்கு அதில் குழம்பிவிடும். ஆகவே எடுக்கும்போதே அதை அணைத்துவிட வேண்டும். போனின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், கை வெடுக்கென்று ஆடினால் நேர்க்கோட்டுச் சுவரும் சாய்ந்து போகும். அந்த ஆட்டம் உள்ள பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அமைதியாக நகரும் மூன்று விநாடியை வைத்துக்கொள்வதே என் கட்சி.