டை அடிக்கும் முன் தலைக்குக் குளிக்கலாமா?

வீட்டில் டை அடிப்பவர்களிடம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். அழுக்குத் தலையில் நிறம் பிடிக்காது, ஷாம்பு போட்டு அலசி உடனே அடிக்க வேண்டும் என்பார் ஒருவர். குளிக்காத தலையில் அடித்தால்தான் அலர்ஜி வராது என்பார் இன்னொருவர். முதல் பதில் சில வகை டைகளுக்குச் சரி. இரண்டாவது பதிலில் பாதி உண்மை, பாதி ஆபத்து. அந்தப் பாதி உண்மையை நம்பி டை அடித்து, மூன்றாம் நாள் கண் இமை வீங்கித் தோல் மருத்துவரிடம் போகிறவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

கடையில் கிடைக்கும் நிரந்தரக் கறுப்பு, பழுப்பு டைகளில் பெரும்பாலானவை இரண்டு பொருள்களைக் கலந்து பூசுபவை. ஒன்றில் நிறப்பொருள் இருக்கும். மற்றொன்று ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த டெவலப்பர். கலவையில் உள்ள அமோனியாவோ அதைப் போன்ற காரமோ முடியின் மேல் செதில்களைத் திறக்கிறது. உள்ளே நுழைந்த சின்ன நிற மூலக்கூறுகள் பெராக்சைடோடு வினைபுரிந்து பெரிதாகி, வெளியே வர முடியாமல் தங்கிவிடுகின்றன. அதனால்தான் பல முறை தலைக்குக் குளித்தாலும் நிறம் போவதில்லை. இதே காரமும் பெராக்சைடும் மண்டைத் தோலில் படும்போது எரிச்சல் உண்டாகிறது.

மண்டைத் தோலில் இயல்பாகவே ஒரு மெல்லிய எண்ணெய்ப்பசை ஊறிக்கொண்டே இருக்கிறது. ஷாம்பு போட்டதும் அது கழுவப்பட்டுவிடும். சீயக்காய்த் தூளை அழுத்தித் தேய்த்தோ நகத்தால் பிறாண்டியோ குளித்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் சேர்ந்துகொள்ளும். அந்தத் தோலின் மேல் உடனே காரக் கலவையைப் பூசினால் சுரீரென்று எரியும். ஒரு நாள் கழித்துப் பூசினால் எண்ணெய்ப்பசை ஓரளவு திரும்பியிருக்கும், எரிச்சலும் குறையும். அந்த அளவு பசை நிறம் ஏறுவதைத் தடுப்பதில்லை. ஆகவே பெராக்சைடு சேர்ந்த டைக்கு, தலைக்குக் குளித்து ஒன்று அல்லது இரண்டு நாள் ஆன, காய்ந்த முடிதான் ஏற்றது.

ஆனால் குளிக்காத தலை என்பது எண்ணெய்த் தலை அல்ல. நம் வீடுகளில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தடவி வாருகிறவருக்குக் குளிக்காத தலை என்றால் எண்ணெய் வழியும் தலைதான். அதன் மேல் டை அடித்தால் சில இடத்தில் ஏறும், சில இடத்தில் ஏறாது. காதோரத்து நரை வெளுப்பாகவே நிற்கும். உடனே, இன்னும் கால் மணி நேரம் ஊறட்டும் என்று விட்டுவிடுகிறோம், அல்லது அன்றைக்கே இரண்டாம் முறை அடிக்கிறோம். பாக்கெட்டில் சொன்ன நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு நிமிடமும் தோலுக்குக் கூடுதல் சுமை. ஜெல், ஸ்ப்ரே, கண்டிஷனர் படிந்த முடியிலும் நிறம் இப்படித் திட்டுத்திட்டாக ஏறலாம். எண்ணெய் தடவிவிட்டீர்கள் என்றால் டையை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். மிதமான ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், விரல் நுனி போதும். தலை முழுதாகக் காய வேண்டும். ஈர முடியில் கலவை நீர்த்துப்போய் நெற்றியிலும் கண்ணிலும் வழியும்.

எல்லா டைக்கும் இது பொருந்தாது. கலப்பில்லாத மருதாணிப் பொடிக்கும் அவுரிப் பொடிக்கும் எண்ணெய் இல்லாத சுத்தமான முடி வேண்டும். பெராக்சைடு இல்லாமல், பல குளியல்களில் மெல்லக் கழுவிப்போகும் வகை நிறங்களை அலசிய முடியில்தான் பூசச் சொல்வார்கள். தண்ணீரில் குழைக்கும் பொடி டை, ஷாம்பு டை ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு வழிமுறைத் தாள் உண்டு. அதில் எழுதியிருப்பதுதான் கடைசி வார்த்தை. பக்கத்து வீட்டு அனுபவத்தையும், இங்கே நான் பொதுவாகச் சொல்வதையும் அதற்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஆபத்தான பாதி. எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு. எரிச்சல் பூசிய இடத்தில், பூசிய சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வரும், கழுவினால் அடங்கத் தொடங்கும். அலர்ஜிக்குக் காரணம் பெரும்பாலும் பாரா-ஃபெனிலீன்டைஅமீன். இதைச் சுருக்கமாகப் பிபிடி என்பார்கள். கறுப்பு டைகளில் பரவலாக உள்ள நிறப்பொருள் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில், தலையில் பூசும் கலவையில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் இதை ஒரு முறை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும். தலையின் எண்ணெய்ப்பசை அதைத் தடுக்காது, ஒரு வாரம் குளிக்காமல் இருந்தாலும் தடுக்காது. அமோனியா இல்லை என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பதாலும் பயனில்லை. அமோனியா இல்லாத டையில் பிபிடி இருக்கலாம். மூலிகை என்று விற்கும் பொடியிலும் இருக்கலாம். கலப்பில்லாத மருதாணி தரும் நிறம் செம்மை. மருதாணி என்ற பெயரில் விற்கும் பொடி சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று ஆக்கினால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது.

பல வருடமாக இதே டைதான், ஒன்றும் ஆனதில்லை என்ற நம்பிக்கையை நான் அடிக்கடி கேட்கிறேன். இந்த அலர்ஜி முதல் முறையே வர வேண்டும் என்றில்லை. பல முறை பட்ட பிறகு ஒரு நாள் தொடங்கலாம். அதனால்தான் டையைத் தோலில் சிறிது தடவிப் பார்க்கும் முன்சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யச் சொல்கிறார்கள். பெட்டிக்கு உள்ளே வரும் எச்சரிக்கைத் தாளும் அதையே சொல்கிறது.

ஒரு கல்யாணத்தை வைத்துப் பார்ப்போம். மகள் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு வயது ஐம்பத்தைந்து, தினமும் எண்ணெய் தடவுகிறவர். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அடிக்கலாம் என்று இருக்கிறார். அதை ஒரு வாரம் முன்னே தள்ளி, முந்தின ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வைக்கட்டும். அதற்கு முன்னால் வரும் புதன் மாலை, காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். சோதனைக்கு எண்ணெய்ப்பசை இல்லாத தோல்தான் வேண்டும். தலையில் பூசும்போது கலப்பது போலவே இரண்டு பொருளையும் துளி துளி கலந்து அங்கே தடவிக் காயவிட வேண்டும். மீதிக் கலவையை மூடி வைத்துப் பிறகு பயன்படுத்தக் கூடாது.

நம் நாட்டு விதி 24 மணி நேரம் என்கிறது. மருத்துவர்களும் பல நிறுவனங்களும் சொல்வது 48 மணி நேரம். ஆகவே வெள்ளி மாலை வரை அந்த இடத்தை நனைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு, அரிப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம் எதுவானாலும் அந்த டை அவருக்கு ஆகாது. ஒன்றும் இல்லையென்றால் சனிக்கிழமை காலை மிதமான ஷாம்புவால் தலைக்குக் குளித்து, அன்று எண்ணெயும் கண்டிஷனரும் தொடாமல் இருக்கட்டும். ஞாயிறு காலை நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் வாஸ்லின் தடவி, கையுறை போட்டு அடிக்கலாம். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் அன்று வேண்டாம். ஒரு வாரம் முன்னதாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அலர்ஜி வீக்கம் ஒன்றிரண்டு நாள் கழித்து, சில நேரம் மூன்றாம் நாள்கூட வரும். சனிக்கிழமை அடித்தவருக்கு அது மேடையில் வரும்.

டை அடித்த பின் மயிரோரம், காது, கழுத்து அரித்துச் சிவந்தாலோ, இமை வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ ஏராளமான தண்ணீரில் அலசிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். எலுமிச்சை, மஞ்சள், கற்றாழை என்று எதையும் மேலே பூச வேண்டாம். நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சு இழுத்தால் 108க்கு அழைக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. அலர்ஜி உறுதியானவர்கள் வேறு பிராண்டுக்கு மாறித் தப்பிக்க முடியாது. பல பிராண்டுகளில் பொருள் ஒன்றே.

உங்கள் உரிமை பெட்டியின் மேலேயே தொடங்குகிறது. பிபிடி உள்ள டையின் உறையில், தோல் எரிச்சல் வரலாம், முன்சோதனை தேவை, இமையிலும் புருவத்திலும் பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. சோதனை செய்யும் முறையும் உள்ளே இருக்க வேண்டும். பொருள்களின் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், பயன்படுத்தக் கடைசித் தேதி இவையெல்லாம் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். பார்லரிலோ சலூனிலோ கலவையைக் கிண்ணத்தில் கொண்டுவந்தால், பெட்டியைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். முன்சோதனை செய்து தரச் சொல்லியும் கேட்கலாம். தர மறுக்கும் இடத்தில் தலையை நீட்ட வேண்டாம்.

பாதிப்பு நேர்ந்துவிட்டால் பெட்டி, தாள், மிச்சக் கலவை, பில், மருத்துவச் சீட்டு எதையும் தூக்கிப்போடாதீர்கள். வீக்கத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், 1940இன் 26ஆம் பிரிவின்படி, வாங்கிய அழகுசாதனப் பொருளைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறும் உரிமை எந்த நுகர்வோருக்கும் உண்டு. எச்சரிக்கை அச்சிடாத பொருள் என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் புகார் தரலாம்.

இழப்பீட்டுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. போதிய எச்சரிக்கையும் வழிமுறையும் தராத தயாரிப்பாளரும், கவனமில்லாமல் சேவை செய்த பார்லரும் அதன் கீழ் பொறுப்பேற்க வேண்டியவர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் விற்றவர் மீது உரிமை கோர முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவைத்தீர்களா, சோதனை செய்தீர்களா என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக வரும். காதுக்குப் பின்னால் கலவை தடவிய நாளையும் மணியையும் கைபேசியில் ஒரு படமாக எடுத்து வைத்திருந்தால், அந்தக் கேள்விக்கு அதையே காட்டிவிடலாம்.