தோட்டத்து நித்தியகல்யாணி துணியில் பூக்கும் விதம்

பருத்தித் துணியில் அச்சாகியிருக்கும் பூக்களைக் கூர்ந்து பார்த்தால், ஒரே கட்டம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தக் கட்டத்தை அமைப்பதுதான் டிசைனரின் வேலை. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியை வைத்து, சுடிதார் துணிக்கான டிசைன் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் புகைப்படம். வெயில் ஏறுவதற்கு முன், நிழலில் இருக்கும் பூவை நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். நேர் வெயிலில் எடுத்தால் ஓர் இதழின் நிழல் அடுத்த இதழில் விழும். வண்ணங்களைக் குறைக்கும்போது அந்த நிழல் அழுக்குத் திட்டாக மாறிவிடும். இதழில் பூச்சி கடித்த ஓட்டை இருந்தால் அந்தப் பூ வேண்டாம். படத்தில் கண்ணில் படாத குறை, துணியில் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து நிற்கும்.

கட்டமும் பூவின் அளவும்

கட்டத்தின் அளவை இயந்திரத்தைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. ரோட்டரி அச்சில் வண்ணம் ஓர் உருளை ஸ்கிரீன் வழியாகத் துணியில் இறங்குகிறது. பரவலாகப் பயன்படும் உருளையின் சுற்றளவு 64 செ.மீ. கட்டத்தின் உயரம் இதைச் சரியாக வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் உருளை ஒரு சுற்று முடிக்கும் இடத்தில் பூ வெட்டுப்படும். நாம் 16 செ.மீ. சதுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் நான்கு கட்டம் அடங்கும்.

நிஜப் பூ ஏறக்குறைய 4 செ.மீ. அகலம் இருக்கும். கட்டத்துக்குள் 5 செ.மீ. பூ இரண்டு, 3.5 செ.மீ. பூ மூன்று, மொட்டு இரண்டு, சில இலைகள் போதும். எல்லாப் பூவும் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கும் தங்காமல் ஓடிவிடும். ஒரே பூவைப் பல கோணங்களில் திருப்பி வைக்கலாம். ஆனால் ஐந்து இதழ்ப் பூவை 72 டிகிரி திருப்பினால் கிட்டத்தட்ட பழைய தோற்றமே வரும். 20, 50 என்று திருப்பினால்தான் மாற்றம் தெரியும். கண்ணாடிப் பிம்பமாகப் புரட்ட வேண்டாம். நித்தியகல்யாணியின் இதழ்கள் ஒரே பக்கமாகச் சுழன்றிருப்பவை. புரட்டினால் சுழற்சி எதிர்ப்பக்கம் போய்விடும்.

இடைவெளிதான் கடினம்

பூக்களுக்கிடையே சுமார் 2 செ.மீ. இடம் விடுகிறோம். கட்டத்துக்குள் இது அழகாகவே தெரியும். கட்டங்களை அடுக்கிய பிறகுதான் விளிம்போரம் பூவே இல்லாமல், துணி நெடுக வெள்ளைக் கோடு ஓடுவது புலப்படும்.

இதற்குக் காகிதத்திலேயே ஒரு வழி உண்டு. சதுரத் தாளின் நடுவில் மட்டும் பூக்களை வரைந்து, தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் வெட்டி நான்கு துண்டாக்குங்கள். இடத் துண்டுகளை வலப்பக்கமும், மேல் துண்டுகளைக் கீழேயும் மாற்றி ஒட்டுங்கள். பழைய விளிம்புகள் இப்போது நடுவில் கூடும். அங்கே தெரியும் வெற்றிடத்தில் மீதிப் பூக்களை வரையுங்கள். புதிய விளிம்புகளைத் தொடாமல் வரைந்தால், அடுத்த கட்டத்தோடு அவை தானாகப் பொருந்தும். கணினி மென்பொருளில் படத்தைப் பாதி நகர்த்துவதும் இதே வேலைதான்.

அப்போதும் பெரிய பூக்கள் வரிசைகட்டி நிற்பது போலத் தோன்றினால், அடுத்தடுத்த பத்தியை 8 செ.மீ. கீழே இறக்குங்கள். பக்கத்துப் பூ நேராக இல்லாமல் சாய்வில் வருவதால், கட்டம் எங்கே முடிகிறது என்று சட்டென்று பிடிபடாது. இப்படி இறக்கினால் பக்க விளிம்புகள் வேறு இடத்தில் சந்திக்கும் என்பதால், அவற்றில் விழும் பூக்களை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மூன்றே சாயம்

புகைப்படத்தில் ஆயிரக்கணக்கான நிறச்சாயல்கள் இருக்கும். ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும். இதழுக்கு வெளிர் ரோஸ், பூவின் நடுக்கண்ணுக்கு அடர் ரோஸ், இலைக்குப் பச்சை என மூன்று போதும். துணியின் வெள்ளை, ஸ்கிரீன் இல்லாமலே கிடைக்கும் நான்காவது நிறம். இதழ் மடிப்புகளை அடர் ரோஸில் மெல்லிய கோடுகளாகப் போட்டால் பூ தட்டையாகத் தெரியாது.

வெளிர் ரோஸும் அடர் ரோஸும் சந்திக்கும் இடத்தில், வெளிர் நிறம் அரை மில்லிமீட்டர் அளவுக்கு அடர் நிறத்துக்கு அடியில் நுழைந்திருக்க வேண்டும். ஸ்கிரீன் கொஞ்சம் நகர்ந்தாலும் நடுவே வெள்ளை இழை தெரியாமல் இருக்க இதுவே காப்பு.

கடைசியாக, ஒன்பது கட்டங்களையாவது நிஜ அளவில் காகிதத்தில் அச்சடித்துச் சேர்த்து ஒட்டி, சுவரில் மாட்டிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணைச் சுருக்கினால் கோடுகளும் திட்டுகளும் வெளிப்பட்டுவிடும். பிறகு அதைத் தலைகீழாக மாட்டிப் பாருங்கள். அப்போதும் டிசைன் இயல்பாக இருந்தால், தையல்காரர் துணியை எந்தப் பக்கமும் திருப்பி வெட்டலாம். எல்லாப் பூவும் ஒரே திசை பார்த்தால் எல்லாத் துண்டுகளையும் அதே திசையில்தான் வெட்ட வேண்டும்; துணி கூடுதலாகத் தேவைப்படும்.