பூவா தலையா: பரம்பரை நோயின் கணக்கு

அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோயை இரண்டு நாணயங்களால் விளக்கிவிடலாம். ஒன்று அப்பா சுண்டுவது, மற்றொன்று அம்மா சுண்டுவது. தலை என்றால் நல்ல மரபணு, பூ என்றால் பழுதான மரபணு. இருவரிடமும் இரண்டு வகையும் இருப்பதால்தான் சுண்ட வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு நோய் இல்லை. பழுதைச் சுமக்கிறார்கள், அவ்வளவே.

இரண்டும் தலை விழுந்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஒன்று பூ என்றால் பெற்றோரைப் போலவே சுமப்பவர். இரண்டும் பூ என்றால் நோய். அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவரும் தப்புவார்கள் என்பதில்லை. நாணயத்துக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கருவுக்கும் புதிதாகச் சுண்டப்படுகிறது. இத்தகைய பெற்றோருக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தால் நால்வருமே நோயின்றி இருக்க ஏறக்குறைய 32 சதவீத வாய்ப்பு உண்டு.

சுமக்கும் மகள், பழுதே இல்லாதவரை மணந்தால் அவர் பக்கம் எப்போதும் தலைதான். பேரப்பிள்ளைகளில் யாருக்கும் நோய் வராது. ஆனால் ஒவ்வொருவரும் சுமப்பவராக இருக்கப் பாதி வாய்ப்பு. நோய் தலைமுறை தாண்டி வருவது இப்படித்தான்.

உயரம், நிறம் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு போதாது. அவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், திருமணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.