மூசையில் மிஞ்சும் வெள்ளை

வீடு கட்டப் போகிறவர் ஒருவர் இரண்டு லிட்டர் பாட்டிலில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த நீரில் கான்கிரீட் கலக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. பார்ப்பதற்குத் தெளிந்த நீர். ஆனால் அதில் கரைந்திருக்கும் சல்பேட் கண்ணுக்குத் தெரியாது. அது மிகுந்தால் சிமெண்டில் உள்ள அலுமினியச் சேர்மங்களோடு கூடி, இடத்தை அடைத்துப் பருக்கும் படிகங்களாகிக் கான்கிரீட்டை உள்ளிருந்தே விரிசல் விடவைக்கும். அதனால்தான் ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, கலவை நீரில் சல்பேட்டைச் சல்பர் டிரைஆக்சைடாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது.

இதை அளக்கும் பழைய வழி எளிமையான ஒரு யோசனையில் நிற்கிறது. கரைந்திருக்கும் சல்பேட்டை எடைபோட முடியாது. ஆனால் பேரியத்தோடு சேர்த்துவிட்டால் அது கரையாத வெள்ளைப் பொடியாகிவிடும். வெந்நிலையில் இல்லாத ஒரு லிட்டர் தூய நீரில் பேரியம் சல்பேட் சுமார் இரண்டரை மில்லிகிராம்தான் கரையும். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் குழம்பும் இதுதான். பேரியம் நஞ்சு என்றாலும் இந்த உப்பு கரையாததால் உடம்பில் ஏறாமல் வெளியேறிவிடுகிறது. அந்தப் பொடியை வடித்து, கழுவி, சுட்டு, நிறுத்தால் சல்பேட் எவ்வளவு என்பது கணக்கில் வந்துவிடும்.

கேட்க எளிது. செய்யும்போதுதான் அந்தப் பொடியின் குணம் தெரியவரும். அது பிறக்கும்போதே அக்கம்பக்கத்தில் உள்ளதையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு பிறக்கிறது. கழுவுவதும் சுடுவதும் மட்டுமல்ல, அதற்கு முன் அதை உட்காரவைத்துக் காத்திருப்பதும் அந்த ஒட்டுண்ணிகளை விலக்கத்தான்.

200 மில்லி நீரை பீக்கரில் எடுத்து, முதலில் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுகிறார்கள். அமிலம் இல்லையென்றால் நீரிலுள்ள கார்பனேட்டும் பேரியத்தோடு சேர்ந்து வெள்ளையாக விழுந்துவிடும். பிறகு கொதிக்கவைத்து, சூடான 5 சதவீத பேரியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் ஒரே நொடியில் கோடிக்கணக்கான கருக்கள் தோன்றும். எல்லாம் மாவைப் போல மிக நுண்ணிய துகள்களாகவே நின்றுவிடும். சூட்டிலும் மெதுவிலும் விட்டால் கருக்கள் குறைவு. இருக்கும் சில கருக்கள் மேலும் மேலும் வளரும். படிந்தபின் மேலே தெளிந்த நீரில் இன்னொரு சொட்டு பேரியம் குளோரைடு விட்டுப் பார்ப்பார்கள். அங்கே புகைபோல் வெள்ளை எழாவிட்டால் சல்பேட் முழுவதும் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

அதோடு வடிகட்டிவிட முடியாது. பீக்கரை வாட்ச் கிளாஸால் மூடி, கொதிக்கவிடாமல், 80 முதல் 90 டிகிரி சூட்டில் குறைந்தது இரண்டு மணி நேரம் நீர்த்தொட்டியின் மேல் வைக்க வேண்டும். ஆய்வகத்தில் இதை டைஜெஷன் என்பார்கள். வெளியே எதுவும் நடப்பதாகத் தெரியாது. ஆனால் உள்ளே மிகச் சிறிய துகள்கள் பெரியவற்றைவிடச் சற்று அதிகமாகக் கரைகின்றன. கரைந்தது பெரிய துகள்களின் மேல் போய்ப் படிகிறது. சிறியவை தேய, பெரியவை வளர்கின்றன. இப்படிக் கரைந்து மீண்டும் படியும்போது, முதலில் அவசரத்தில் உள்ளே சிக்கிய குளோரைடும் சோடியமும் விடுபட்டு நீருக்குத் திரும்புகின்றன. இந்தப் பொறுமையை மிச்சப்படுத்தியவரை வடிநீர் காட்டிக்கொடுத்துவிடும்: சாம்பலற்ற, நுண்துளை வடிதாளான வாட்மன் 42-ஐயும் தாண்டிப் பொடி இறங்கி, கீழே பால் கலந்த நீராக நிற்கும்.

கழுவுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதிக வெந்நீர் ஊற்றினால் பொடியே சிறிது கரைந்து போகும். குறைத்தால் பேரியம் குளோரைடு தங்கிவிடும். எனவே சிறு சிறு பகுதிகளாக விட்டு, ஒன்று முழுக்க வடிந்தபின் அடுத்ததை விடுகிறார்கள். எப்போது நிறுத்துவது என்று கேட்க வடிநீரையேதான் கேட்க வேண்டும். சோதனைக் குழாயில் சில மில்லி வடிநீரைப் பிடித்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். பால்போல் மங்கினால் குளோரைடு இன்னும் வருகிறது. கண்ணாடிபோல் தெளிவாக நின்றால் கழுவியது போதும்.

வடிதாளிலிருந்து பொடியைச் சுரண்டி எடுக்க முடியாது. தாளையே எரித்துவிட வேண்டியதுதான். தாளை மடித்து மூசையில் வைத்து, முதலில் சிறு சூட்டில் உலர்த்திக் கருக்குவார்கள். தீப்பற்றக் கூடாது, சுடர் எழுந்தால் நுண்பொடி அதோடு பறந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றோட்டம் இல்லாமல் சூடு ஏறினால் தாளின் கரி பேரியம் சல்பேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து அதைப் பேரியம் சல்பைடாக்கிவிடும். எடை குறையும். அந்தச் சல்பைடில் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றம் எழும். ஆறிய மூசையில் இரண்டு சொட்டு கந்தக அமிலம் விட்டு, புகை அடங்கும்வரை மெல்லச் சூடாக்கி மீண்டும் சுட்டால் அது திரும்பவும் சல்பேட் ஆகிவிடும்.

கரி முழுக்க எரிந்தபின் மஃபிள் உலையில் 800 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு டெசிகேட்டரில் ஆறவைத்து நிறுக்க வேண்டும். சூடான மூசையை நிறுத்தால் அதைச் சுற்றிக் காற்று மேலெழுந்து தராசு குறைவாகக் காட்டும்.

நம் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு வருவோம். வெறும் மூசை, அதையும் முன்பே சுட்டு நிலைப்படுத்தியது, 21.3764 கிராம். பொடியோடு முதல் முறை சுட்டபின் 21.5252. இத்தோடு நிறுத்தியிருந்தால் பொடி 0.1488 கிராம் என்று எழுதியிருப்பார்கள். மறுபடி உலையில் வைத்து எடுத்தால் 21.5247. அரை மில்லிகிராம் குறைந்திருக்கிறது. படிகத்துக்குள் சிக்கியிருந்த நீர் வெளியேறியிருக்கலாம். மூன்றாம் முறை 21.5246. அடுத்தடுத்த இரண்டு எடைகளுக்கு இடையே இவ்வளவு சிறு வேறுபாடு வந்தால்தான் எடை நிலைத்தது என்று ஏற்கலாம். பொடி 0.1482 கிராம்.

பேரியம் சல்பேட்டின் எடையில் 41.16 சதவீதம் சல்பேட். எனவே 200 மில்லியில் 61 மில்லிகிராம், லிட்டருக்கு 305. சல்பர் டிரைஆக்சைடாக மாற்றினால் சுமார் 254. கலவைக்கான 400 என்ற எல்லைக்குள் இருக்கிறது. சல்பேட்டைப் பொறுத்தவரை அந்த நீரில் கான்கிரீட் கலக்கலாம். அதே நீரைக் குடிக்கலாமா என்றால் விடை வேறு. குடிநீருக்கான தரநிலையில் ஏற்கத்தக்க அளவு சல்பேட்டாக 200. வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டுமே 400 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த முறையில் சில பிழைகள் ஒன்றை ஒன்று மறைக்கும். பொடியில் ஒட்டிய பேரியம் குளோரைடு எடையைக் கூட்டும். கழுவும்போது கரைந்தது குறைக்கும். இரண்டும் சமமானால் விடை சரியாக வந்ததுபோலத் தோன்றும். இரும்பு இன்னும் தொல்லை தரும்: அது சல்பேட்டோடு சேர்ந்தே விழுந்து, உலையில் சல்பர் டிரைஆக்சைடை இழந்துவிடுவதால் விடை குறைந்துபோகும். மூசையிலுள்ள பொடி வெள்ளையாக இல்லாமல் மஞ்சளோ பழுப்போ தட்டியிருந்தால் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். மறுபடி சுட்டுப் பயனில்லை. புதிதாக நீரெடுத்து, இரும்பை முதலில் அம்மோனியாவால் வீழ்த்தி வடித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

அதனால் கவனமான ஆய்வாளர் தெரியாத நீருக்குப் பக்கத்தில் தெரிந்த ஒன்றையும் வைத்துக்கொள்வார். உலர்ந்த சோடியம் சல்பேட் 0.4436 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் அதில் சரியாக 300 மில்லிகிராம் சல்பேட் இருக்கும். அதிலும் 200 மில்லி எடுத்து, அதே அமிலம், அதே காத்திருப்பு, அதே கழுவல், அதே உலை. கடைசியில் மூசையில் 0.1458 கிராம் மிஞ்ச வேண்டும்.