ரயில் சிநேகம்: முன்பின் தெரியாதவரிடம் மனசு ஏன் திறக்கிறது?

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது நீங்களும் இதைக் கவனித்திருப்பீர்கள். எதிர் சீட்டில் உட்கார்ந்தவர் யார் எவர் என்று தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் ஆரம்பித்து, கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சு நின்றுபோன கதை வரைக்கும் நம்மிடம் கொட்டிக்கொண்டிருப்பார். ஊர் வந்ததும் "வர்றேன் தம்பி" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். பேர்கூடக் கேட்டிருக்க மாட்டோம். சொந்தபந்தத்திடம் சொல்லாததை இவர் ஏன் நம்மிடம் சொன்னார்?

நம்ம பசங்களிடம் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "மனசுல பிரஷர் ஏறிப்போச்சு மச்சி, சேஃப்டி வால்வு திறந்துக்கிச்சு!" மெக்கானிக்கல்காரர்களுக்குப் பிடித்த பதில்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாய்லரில் பிரஷர் அளவைத் தாண்டினால் வால்வு திறந்தே தீரும். எதிரே நிற்பது யார் என்று அது பார்க்காது. மனுஷன் பார்க்கிறான். வீட்டில் மூன்று மாசம் வாயே திறக்காதவர் ரயிலில் மூன்று மணி நேரத்தில் திறக்கிறார். அப்படியென்றால் பிரஷரை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. யாரிடம், எந்த இடத்தில், எந்த வரிசையில் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஓப்பன் சர்க்யூட்

இதற்கு எலெக்ட்ரிக்கல் நண்பர்களின் பாஷைதான் பொருத்தம். நம் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், கூடப் படிப்பவர்கள் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் ஒயர் போட்டு இணைக்கப்பட்டவர்கள். அம்மாவிடம் சொன்னது சித்திக்குப் போகும். சித்தியிடமிருந்து மாமாவுக்குப் போகும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் டீக்கடைக்காரர் அதைப் பற்றி விசாரிப்பார். யாரும் கெட்டவர்கள் இல்லை. சர்க்யூட் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். ரயிலில் எதிரே இருப்பவருக்கும் நம் வட்டத்துக்கும் நடுவே ஒயரே கிடையாது. அவரிடம் சொன்னது அங்கேயே நின்றுவிடும்.

செர்மானிய சமூகவியல் அறிஞர் கியார்க் சிம்மெல் 1908-லேயே இதைக் கவனித்து எழுதினார். நெருங்கியவர்களிடம் ஜாக்கிரதையாக மறைத்து வைப்பதை, மனிதர்கள் அந்நியனிடம் ஆச்சரியப்படும் அளவுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள் என்றார். அந்நியனுக்கு நம் விஷயத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால் அவன் பட்சபாதம் இல்லாமல் கேட்பான்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் நாம் ஒரு வேஷத்தில் இருக்கிறோம்: "பொறுப்பான பையன்", "கெட்டிக்கார மருமகன்", இப்படி. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அந்தப் படம் உடையும். ரயிலில் இருப்பவரிடம் நம்மைப் பற்றி எந்தப் படமும் இல்லை. உடைய ஒன்றுமே இல்லை!

இடமும் நேரமும்

ஸ்லீப்பர் கோச்சில் ஒரு தடுப்புக்கு எட்டு பெர்த். எதிரெதிராக ஆறு, பக்கவாட்டில் இரண்டு. பகலில் கீழ் பெர்த்தில் மூன்று மூன்று பேராக முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருப்போம். இவ்வளவு கிட்டத்தில் வேறு எங்காவது ஒருவரை உட்கார வைத்தால் கூச்சமாக இருக்கும். ரயிலில் ஜன்னல் காப்பாற்றுகிறது. பேசுபவர் வெளியே ஓடும் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். நடுவில் பேச்சு நின்றாலும் தப்பில்லை. சக்கரச் சத்தம் அந்த மௌனத்தை நிரப்பிவிடும். அதே சத்தம் பேச்சு அடுத்த தடுப்புக்குப் போகாமலும் மூடிவிடுகிறது. ராத்திரி பஸ்ஸில் முகம் பார்க்கவே வேண்டாம். இருவரும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்போம், விளக்கும் அணைந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, முடிவு தெரிந்த சந்திப்பு இது. டிக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது, இவர் கோவில்பட்டி, நான் திருநெல்வேலி என்று. டவுன் பஸ்ஸில் இது நடப்பது அபூர்வம், ஏனென்றால் நேரம் போதாது. ஆபீசில் நடப்பதும் அபூர்வம், ஏனென்றால் நாளைக்கும் அதே முகத்தைப் பார்க்க வேண்டும்.

விமான நிலையத்தில் ஒரு சோதனை

சரி, அந்நியன் கிடைத்துவிட்டால் எல்லோரும் உடனே கொட்டிவிடுகிறார்களா? இல்லை. அதற்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஸிக் ரூபின் இதைச் சோதித்து 1975-ல் வெளியிட்டார். இடம் பாஸ்டன் விமான நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் கூடம். ஒரு மாணவர் போய், "கையெழுத்து மாதிரி சேகரிக்கிறோம், உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தருவீர்களா?" என்று கேட்பார். அதற்கு முன்னால் அதே தாளில் தன்னைப் பற்றித் தானே நாலு வரி எழுதிக் காட்டுவார். அந்த வரிகள் மூன்று வகை: மேலோட்டமானது, ஓரளவு சொந்த விஷயம், மிக அந்தரங்கமான கவலை. பாதிப் பேர் முன்னால் அவற்றை ஒரு அட்டையைப் பார்த்து காப்பி செய்வதுபோல எழுதினார். மீதிப் பேர் முன்னால், அந்த ஆளுக்காகவே அப்போது யோசித்து எழுதுவதுபோல எழுதினார்.

காப்பி செய்தபோது, அவர் எவ்வளவு ஆழமாக எழுதினாரோ அவ்வளவு ஆழமாகப் பயணிகளும் எழுதினார்கள். அந்தத் தாளில் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. தனக்காகவே எழுதுகிறார் என்று தோன்றியபோது கதை மாறியது. மேலோட்டத்திலிருந்து நடுத்தரத்துக்குப் போனபோது பதில் வளர்ந்தது. ஆனால் மிக அந்தரங்கத்துக்குத் தாவியபோது பதில் சுருங்கிவிட்டது. "இவன் எதுக்கு எங்கிட்ட இதச் சொல்றான்?" என்ற சந்தேகம் வந்துவிட்டது. நீ ஒரு படி ஏறினால் நானும் ஒரு படி ஏறுவேன். நீ நாலு படி தாண்டினால் நான் இறங்கிவிடுவேன். இதுதான் கணக்கு.

ஒரு பகல் பயணம்

போன வருஷம் இன்-பிளான்ட் டிரெயினிங் முடித்துவிட்டுச் சென்னையிலிருந்து குருவாயூர் எக்ஸ்பிரஸில் வந்தேன். எதிரே ஐம்பது வயசு மதிக்கத்தக்க அண்ணாச்சி ஒருவர். விழுப்புரம் வரை ஒரு வார்த்தை இல்லை. அங்கே பிளாட்பாரத்தில் டீ வாங்கும்போது, "தம்பி, சில்லறை இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன். "எங்க படிக்கீங்க?" முதல் படி அதுதான். டிப்ளமோ மெக்கானிக்கல் என்றதும் முகம் மலர்ந்தது. அவர் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். பேரிங் மாற்றுவதைப் பற்றித் திருச்சி வரைக்கும் பேசினோம்.

திருச்சி தாண்டி, தன் மூத்த பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருப்பதைச் சொன்னார். நான் என் அப்பாவின் தையல் கடையை மூடியதையும், அக்கா வீட்டில் தைக்கும் காசில்தான் எனக்கு ஃபீஸ் கட்டுவதையும் சொன்னேன். ஹாஸ்டலில் என் ரூம்மேட்டுக்குக்கூட அதுவரை தெரியாத விஷயம் அது. அவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். திண்டுக்கல் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே, "மில்ல மூடி மூணு மாசமாச்சு தம்பி. வீட்ல தெரியாது" என்றார்.

தினமும் காலையில் டிபன் கேரியரோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டிலும் நூலகத்திலும் பொழுதைக் கழித்துவிட்டு ஷிப்ட் முடியும் நேரத்துக்கு வீடு திரும்புகிறாராம். சென்னைக்கு வந்தது வேலை தேடி. வீட்டில் சொன்னது கம்பெனி வேலை. "ஏன் அண்ணாச்சி, அத்தைகிட்ட சொல்லலாமே?" என்றேன். "சொன்னா அவ அவங்க அண்ணன்கிட்ட சொல்லுவா, அது சம்பந்தி வீட்டுக்குப் போயிரும்" என்றார். மூடிய சர்க்யூட்டைத் தெரியாமலே வரைந்து காட்டிவிட்டார்! மனைவி மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. மனைவியிடமிருந்து கிளம்பும் ஒயர்கள்தான் பயம்.

நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. மதுரையில் இரண்டு பேரும் இட்லிப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டோம். கோவில்பட்டி நெருங்கும்போது, "வீட்ல எந்த வார்த்தையில ஆரம்பிக்கணும்னு இத்தன நாளா தெரியல. இப்பத் தெரியுது" என்றார். இறங்கிப் போய்விட்டார். நம்பரும் வாங்கிக்கொள்ளவில்லை. பாதியில் நம்பர் வாங்கியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். நம்பர் என்பது ஒரு ஒயர்.

எங்கே ஜாக்கிரதை?

இந்தப் படிக்கட்டு தெரிந்தால் ஆபத்தையும் கண்டுபிடிக்கலாம். ஏமாற்றுக்காரனுக்கும் ரயில்தான் வசதி. அந்நியர் தரும் தின்பண்டத்தை வாங்காதீர்கள் என்று ரயில்வே எச்சரிப்பது சும்மா இல்லை. மூன்று அடையாளங்களைக் கவனியுங்கள். ஏறின பத்தாவது நிமிஷமே தன் பெரிய சோகத்தைச் சொல்பவர் படி தாண்டுகிறார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எங்கே இறங்குகிறாய், யார் கூட்டிப்போக வருவார்கள், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போகிறவர் தான் ஏறாமல் உங்களை மட்டும் ஏற்றுகிறார். கதை முடிந்ததும் பணமோ, பாங்க் விவரமோ, போனோ கேட்பவர் அந்நியராக இருக்க விரும்பவில்லை. உங்களோடு ஒயர் போடப் பார்க்கிறார். உண்மையான ரயில் சிநேகிதர் இறங்கும்போது ஒன்றுமே கேட்க மாட்டார்.

கேட்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. சொன்னவரை அடையாளம் காட்டுகிற விவரத்தோடு கதையை வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த அண்ணாச்சியின் வேலையையும் ஊரையும் பெண்ணின் விஷயத்தையும் இங்கே நான் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. எந்தக் காரணத்தால் அந்நியரிடம் சொல்வது சுலபமோ, அதே காரணத்தால் அவரால் செய்யக்கூடியதும் கொஞ்சம்தான். ஒயர் இல்லாத இடத்தில் ஷாக்கும் அடிக்காது, விளக்கும் எரியாது. ஒரு வாரம் கழித்து "அந்த விஷயம் என்ன ஆச்சு?" என்று அவர் வந்து கேட்கப்போவதில்லை. ரயிலில் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை. அந்த முதல் வரி வாயில் வந்துவிட்டால், அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் பெரும்பாலும் ஸ்டேஷனுக்கு வெளியேதான் இருப்பார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை