வண்டி தொலைந்த நாளும் தகவல் போன நாளும்

இந்தியாவில் வழங்கப்படும் வாகனக் காப்பீட்டு பாலிசியில் முதல் நிபந்தனையே தகவல் தருவது பற்றியதுதான். விபத்தோ சேதமோ நேர்ந்தால் நிறுவனத்துக்கு ‘உடனடியாக’ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திருட்டு என்றால் காவல்துறைக்கும் ‘உடனடியாக’ச் சொல்ல வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ச் சேதத்துக்கு 72 மணி நேரம் என்று தெளிவான கெடு உண்டு. வாகன பாலிசியில் இருப்பதோ ‘உடனடியாக’ என்ற ஒரு சொல் மட்டும். அதற்கு என்ன பொருள் என்பதில்தான் வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன.

விபத்தில் நிறுவனம் அவசரப்படுவதற்கு நியாயமான காரணம் உண்டு. வண்டி இடிபட்ட நிலையிலேயே சர்வேயர் அதைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நசுங்கல் துருவேறியிருக்கும். எது இந்த விபத்தில் ஏற்பட்டது, எது பழையது என்று பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததைப் பெரும்பாலும் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். அடிபட்ட வண்டியைப் பழுது பார்க்காமல் ஓட்டினால் இழப்பு இன்னும் கூடும். கல்லில் மோதி எண்ணெய்த் தொட்டி ஓட்டையான காரை அப்படியே வீடுவரை ஓட்டி வந்தால், எண்ணெய் வடிந்து இன்ஜின் இறுகிப்போகும். தொட்டிக்கான பணம் கிடைக்கும். இன்ஜினுக்குக் கிடைப்பது அரிது. அப்படி ஓட்டியதால் கூடிய சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது.

திருட்டின் கதை வேறு. சர்வேயர் பார்க்க அங்கே வண்டியே இல்லை. தேட வேண்டியது காவல்துறை. ஆனாலும் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காகத் திருட்டு கிளெய்ம்கள் நிராகரிக்கப்பட்டன. 1995 ஜனவரியில் ஒரு கார் திருடுபோனது. புகார் ஓரிரு நாளில் கொடுக்கப்பட்டது. நிறுவனத்துக்குத் தகவல் போனதோ மே மாதத்தில். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது.

பிறகு நீதிமன்றத்தின் பார்வை மாறியது. 2010-இல் திருடுபோன ஒரு டிராக்டருக்கு அன்றே முதல் தகவல் அறிக்கை பதிவானது; நிறுவனத்துக்குச் சொல்ல 52 நாள் தாமதம். 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை முடித்துவைத்தது. காவல்துறைக்கு உடனே புகார் கொடுத்திருந்து, திருட்டு உண்மை என்பதும் தெரிந்தால், நிறுவனத்துக்குத் தகவல் தாமதமானதை மட்டுமே காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்றது தீர்ப்பு. காவல்துறைக்குத் தாமதமாகச் சொன்னவருக்கு இந்தத் தீர்ப்பு துணை நிற்காது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

தாமதம் தொகையை எப்படிக் குறைக்கிறது என்பதற்கு 2007-இல் கொள்ளைபோன ஒரு லாரியின் வழக்கு நல்ல சான்று. முதல் தகவல் அறிக்கை மறுநாளே பதிவானது. நிறுவனத்துக்குத் தெரிவிக்க ஏறக்குறைய 5 மாதம் ஆனது. மாவட்ட நுகர்வோர் மன்றம் முழுத் தொகையைத் தரவில்லை, 75 சதவீதம் தரச் சொன்னது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் நிராகரிப்பை ரத்து செய்தது. இப்படிக் குறைத்துத் தருவதைக் காப்பீட்டுத் துறையில் ‘நான்-ஸ்டாண்டர்ட்’ தீர்வு என்பார்கள். நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது, ஆனால் இழப்புக்கு அந்த மீறல் காரணமல்ல என்னும்போது இந்த வழி கையாளப்படுகிறது. பாலிசியில் வண்டியின் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 6 லட்சம் ரூபாய் என்றால் கைக்கு வருவது 4.5 லட்சம். சொல்லாமல் விட்ட நாள்களின் விலை ஒன்றரை லட்சம்.

திருட்டில் நாள்கள் நழுவுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தெரிந்தவர் யாராவது எடுத்துப் போயிருப்பார் என்று இரண்டு நாள் அக்கம்பக்கம் தேடுவார்கள். பிறகு காவல் நிலையத்தில் மனு கொடுத்தாலும் முதல் தகவல் அறிக்கை பதிவாகச் சில நாள் இழுக்கும். தமிழ்நாட்டில் மனு கொடுத்ததும் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது இங்கே கைகொடுக்கும். புகார் எந்தத் தேதியில் போனது என்பதற்கு அது சாட்சி. நிறுவனத்துக்குச் சொல்ல முதல் தகவல் அறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கட்டணமில்லா எண்ணில் அழைத்துப் பதிவு எண் வாங்கி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டால், ‘எழுத்தில் தெரிவிக்கவில்லை’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமானவரின் உண்மையான கிளெய்மை இயந்திரத்தனமாகத் தள்ளக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மருத்துவமனையில் கிடந்தவரும் வெளியூரில் சிக்கியவரும் காரணத்தை ஆவணத்தோடு எழுதிக் கொடுப்பது இதனால்தான் முக்கியம். அதன் பிறகும் மறுத்தால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கெடு உண்டு: நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டு.