வண்டியோட புகைச் சான்று ஒரிஜினலா, போலியா? மொபைல்லயே கண்டுபிடிக்கலாம்!

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வண்டியை இறக்கிட்டு வந்து டெஸ்ட் எடுக்கணும்னா அரைநாள் போய்டும். "நம்பரை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, சான்று வந்துடும்" என்று யாராவது சொன்னால் சபலம் வரத்தான் செய்யும். ஆனால், செல்லுபடியாகும் புகைச் சான்று இல்லாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி ரூ.10,000 வரை அபராதம் விதிக்கலாம். கையில் இருப்பது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

எவ்வளவு நாள் செல்லும்?

புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் சான்று தேவையில்லை. அதன்பிறகு பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு 12 மாதம், அதற்கும் பழைய வண்டிகளுக்கு 6 மாதம். பழைய பிஎஸ்-3 பைக்குக்கு ஒரு வருட சான்று கொடுத்தால், அங்கேயே சந்தேகப்படுங்க.

எந்த எண்களைப் பார்க்கணும்?

சான்றில் அனுமதிக்கப்பட்ட அளவும், உங்கள் வண்டியில் அளந்த அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெட்ரோல் வண்டி என்றால் இரண்டு வரி முக்கியம். CO என்பது கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில் இருக்கும். HC என்பது எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன், ppm-ல் இருக்கும். டீசலுக்கு இவை வராது, புகையின் அடர்த்தி மட்டும்தான்.

உதாரணத்துக்கு, TN 15 பதிவெண் கொண்ட ஒரு பிஎஸ்-6 பைக். வரம்பு CO 0.5, HC 500. அளவு 0.12, 180 என்றால் பாஸ். அதே பைக்கின் சான்றில் வரம்பு CO 3.5, HC 4500 என்று இருந்தால், அது 2000-க்குப் பிந்தைய பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளுக்கான வரம்பு. வேறு வண்டியின் சான்றை எடிட் செய்திருக்கலாம்.

போலியை எப்படிப் பிடிப்பது?

vahan.parivahan.gov.in/puc தளத்தில் 'PUC Certificate' பகுதிக்குப் போய், பதிவெண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கத்தையும் போடுங்க. அரசுப் பதிவில் உள்ள சான்று வரும். சான்று எண், தேதி, அளவுகளை உங்கள் பேப்பரோடு ஒப்பிடுங்க. கியூஆர் கோடை மட்டும் நம்பாதீங்க. அது போலித் தளத்துக்கும் கூட்டிட்டுப் போகலாம்.

தளத்தில் இருந்தால் போதுமா?

போதாது. டெல்லியில் 2015 முதல் 2020 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த சிஏஜி, வரம்பைத் தாண்டிய 1.08 லட்சம் வண்டிகளுக்கும் சான்று தரப்பட்டதைக் கண்டுபிடித்தது. அதாவது பதிவு அசல், டெஸ்ட்தான் போலி. அதனால் சான்றில் உள்ள போட்டோவையும் பாருங்க. உங்கள் வண்டியும் நம்பர் பிளேட்டும் தெரியணும், பின்னணி டெஸ்ட் மையமாக இருக்கணும். வண்டி மலையில் நின்ற நேரத்தில் கள்ளக்குறிச்சியில் டெஸ்ட் எடுத்ததாக இருந்தால், சைலன்சருக்குள் கருவியே போகவில்லை என்று அர்த்தம்.

ஃபெயில் ஆனால்?

பயப்பட வேண்டாம். காரணத்தோடு நிராகரிப்புச் சீட்டு தருவாங்க. கார்புரேட்டர் பைக்கில் CO எகிறினால், பெரும்பாலும் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகுதுன்னு அர்த்தம். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, மெக்கானிக்கிடம் டியூனிங் பார்த்துட்டு மறுபடி டெஸ்ட் எடுங்க.